இரண்டு நாளில் 6,000 ரூபாய் செலவு, ஒரே ஒரு ஆர்டர்: கேம்பெய்னை நிறுத்திவிடலாமா?

ஊஞ்சல்_திருநகர் | புதன், காலை 9.20

வணக்கம். மர ஊஞ்சல் விற்பனை. வேங்கைப் பலகை, எவர்சில்வர் சங்கிலி, கொக்கி எல்லாம் சேர்த்து ஒரு செட் 14,500 ரூபாய். மரம், கூலி, லாரி வாடகை எல்லாம் போக ஒரு செட்டில் கையில் நிற்பது 2,200. விளம்பரச் செலவு அதற்குள் அடங்க வேண்டும்.

கூகுள் ஆட்ஸில் புதிய தேடல் கேம்பெய்ன் ஒன்றை திங்கள் காலை தொடங்கினோம். ஒரு நாளுக்கு 3,000 ரூபாய் பட்ஜெட். கிளிக் ஒன்று சுமார் 10 ரூபாய். இரண்டு நாளில் 600 கிளிக் வந்தாச்சு. இன்று காலை பார்த்தால் ஆர்டர் ஒன்றுதான் காட்டுகிறது. அதாவது ஒரு ஆர்டருக்கு 6,000 ரூபாய். பழைய கேம்பெய்னில் ஆர்டருக்குச் சுமார் 1,000 ரூபாய்தான் ஆனது.

இன்றே இதை நிறுத்திவிட்டு, நாளை வியாழக்கிழமை வேறு தேடல் சொற்களோடு இன்னொன்றைத் தொடங்கலாமா?

---

கீழவாசல்_டிசைன் | காலை 9.45

600 பேர் வந்து ஒருத்தர்தான் வாங்குறார்னா கோளாறு விளம்பரத்துல இல்ல, பக்கத்துல. போட்டோ எப்படி இருக்கு? மொபைல்ல பக்கம் திறக்க எத்தனை செகண்ட் ஆகுது? பலகையோட நீளம் அகலம் போட்டிருக்கீங்களா? முதல்ல அதைச் சரி பண்ணுங்க, கேம்பெய்னை அப்புறம் பாக்கலாம்.

---

மாட்டுத்தாவணி_மணி | காலை 10.05

அண்ணே, நிறுத்தாதீங்க. ஊஞ்சல் வாங்குறவங்க பார்த்த அன்னைக்கே வாங்க மாட்டாங்க. வீட்டுல பெரியவங்கள கேக்கணும், கூரையில கொக்கி இருக்கான்னு பாக்கணும். ஒரு வாரம் ஆகும். அதனால ஏழு நாள் ஓட விடுங்க. ஏழு நாள் முடிஞ்சதும் மொத்தச் செலவை மொத்த ஆர்டரால வகுத்துப் பாருங்க. 2,200-க்கு மேல வந்தா நிறுத்திடலாம். அவ்வளவுதான் கணக்கு.

---

வைகைக்கரை | காலை 11.30

மணி சொன்னதில் முதல் பாதி சரி. இரண்டாவது பாதியை அப்படியே செய்தால் நல்ல கேம்பெய்னையும் எட்டாம் நாள் காலையில் நிறுத்திவிடுவோம். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன். அதற்கு முன் திருநகர்காரரிடம் ஒரு தகவல் வேண்டும்.

பழைய கேம்பெய்னைத் திறந்து `Segment` → `Conversions` → `Days to conversion` என்று போங்கள். கிளிக் செய்த எத்தனையாவது நாளில் ஆர்டர் வந்தது என்று பிரித்துக் காட்டும். அந்த எண்களை இங்கே போடுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் தொடங்கும்.

இன்னொன்று. கூகுள் ஆட்ஸின் வழக்கமான `Conversions` நெடுவரிசை, ஆர்டரை அது வந்த நாளில் எழுதுவதில்லை. கிளிக் நடந்த நாளில் எழுதும். திங்கள் கிளிக் செய்தவர் அடுத்த திங்கள் வாங்கினால், அந்த ஆர்டர் போன திங்கள் கணக்கில் போய் உட்காரும். இன்று ஒன்று என்று காட்டும் அதே இரண்டு நாள், பத்து நாள் கழித்துத் திறந்தால் ஐந்து என்று காட்டலாம். இன்றைய எண்ணை ஒரு ஷீட்டில் குறித்து வையுங்கள், பிறகு ஒப்பிட உதவும்.

---

ஊஞ்சல்_திருநகர் | மதியம் 12.15

பார்த்தேன் சார். கடைசி 4 நாள் என்று தேதி வைத்து எடுத்தேன். அதில் 100 ஆர்டருக்கு 70 வீதம் முதல் இரண்டு நாளுக்குள்ளேயே வந்திருக்கிறது. அப்படியானால் எங்கள் ஆட்கள் சீக்கிரம்தானே முடிவு செய்கிறார்கள்? அப்புறம் எதற்கு ஒரு வாரம் காத்திருக்க வேண்டும்?

---

வைகைக்கரை | மதியம் 12.40

இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

கடைசி 4 நாளில் நேற்று நடந்த கிளிக்கும் இருக்கிறது. நேற்றைய கிளிக்கில் இதுவரை வந்திருக்கக்கூடியது வேகமாக வாங்கியவர்களின் ஆர்டர் மட்டும்தான். பத்து நாள் கழித்து வாங்கப் போகிறவர் இன்னும் கணக்கிலேயே ஏறவில்லை. விதைத்து நாலு நாளில் முளைத்ததை மட்டும் எண்ணிவிட்டு, இந்த விதை எல்லாமே நாலு நாளில் முளைக்கும் என்று சொல்வது போன்றது இது. தாமதமாக வருபவர்கள் விடுபட்டுப் போவதால், எல்லாரும் சீக்கிரம் வாங்குவது போலத் தெரியும்.

எல்லாரும் வந்து முடிந்த காலத்தை எடுக்க வேண்டும். கிளிக்குக்குப் பின் எத்தனை நாள் வரை வரும் ஆர்டரைக் கணக்கில் சேர்ப்பது என்ற கன்வெர்ஷன் கெடு, கூகுளில் நீங்கள் மாற்றாதவரை 30 நாள். ஆகவே தேதி வரம்பின் கடைசி நாள் இன்றிலிருந்து குறைந்தது 30 நாள் பின்னால் இருக்கட்டும். அங்கிருந்து இன்னும் இரண்டு மூன்று மாதம் பின்னோக்கி எடுத்துக்கொள்ளுங்கள். நூறு ஆர்டராவது இருந்தால் நல்லது.

---

ஊஞ்சல்_திருநகர் | மதியம் 1.30

அப்படியே எடுத்தேன். படம் தலைகீழாக மாறிவிட்டது. மொத்தம் 150 ஆர்டர்.

| கிளிக்குக்குப் பின் | ஆர்டர் | அதுவரை மொத்தம் | நூற்றுக்கு |
|---|---|---|---|
| 1 நாளுக்குள் | 15 | 15 | 10 |
| 1 நாள் | 12 | 27 | 18 |
| 2 நாள் | 15 | 42 | 28 |
| 3 நாள் | 15 | 57 | 38 |
| 4 நாள் | 15 | 72 | 48 |
| 5 நாள் | 15 | 87 | 58 |
| 6 நாள் | 15 | 102 | 68 |
| 7 நாள் | 12 | 114 | 76 |
| 8 முதல் 10 | 18 | 132 | 88 |
| 11 முதல் 14 | 11 | 143 | 95 |
| 15 முதல் 30 | 7 | 150 | 100 |

நான் 70 என்று நினைத்த இடத்தில் 18தான் இருக்கிறது.

---

வைகைக்கரை | மதியம் 2.50

நல்ல அட்டவணை. இனி உங்கள் இரண்டு நாளைப் பார்ப்போம்.

புதன் காலையில் திங்கட்கிழமை கிளிக்குகளுக்கு வயது ஒரு நாளைத் தாண்டியிருக்கிறது, இரண்டு முழு நாள் ஆகவில்லை. அவற்றிலிருந்து வரவேண்டியதில் நூற்றுக்கு 18 வந்திருக்கும். செவ்வாய் கிளிக்குகளுக்கு ஒரு நாள்கூட நிறையவில்லை, அவற்றுக்கு 10. நீங்கள் காலை ஒன்பது மணிக்கே பார்த்ததால் உண்மையில் இதைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். ஆர்டர் நடந்து டேஷ்போர்டில் ஏறவும் சில மணி நேரம் ஆகும். அதையெல்லாம் விட்டுவிடுவோம், கணக்கு எளிதாக இருக்கட்டும்.

இப்போது செலவை அந்த விகிதத்தில் எடுங்கள். திங்கள் 3,000 ரூபாயில் 18 சதவீதம், 540. செவ்வாய் 3,000 ரூபாயில் 10 சதவீதம், 300. மொத்தம் 840 ரூபாய். நான் இதைப் பழுத்த செலவு என்று சொல்வேன். 6,000 ரூபாய் போட்டிருக்கிறீர்கள், ஆனால் அதில் 840 ரூபாய்க்கு மட்டும்தான் விடை வந்திருக்கிறது. மீதி 5,160 இன்னும் காய்.

840 ரூபாய்க்கு ஒரு ஆர்டர் என்பது உங்கள் பழைய 1,000-க்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 6,000 என்ற எண்ணுக்குப் பொருளே இல்லை.

அதற்காகக் கேம்பெய்ன் நன்றாக ஓடுகிறது என்றும் சொல்லிவிட முடியாது. பழையது போலவே 1,000 ரூபாய்க்கு ஒரு ஆர்டர் தரும் கேம்பெய்னில், இந்தக் கட்டத்தில் சராசரியாக 0.84 ஆர்டர் தெரிய வேண்டும். அப்படிப்பட்ட நல்ல கேம்பெய்னிலும் புதன் காலை ஒரு ஆர்டர்கூடக் காணாமல் இருக்க நூற்றுக்கு 43 வாய்ப்பு உண்டு. இன்னொரு பக்கம், ஆர்டருக்கு 3,000 விழுங்கும் நஷ்டக் கேம்பெய்னிலும் ஒரு ஆர்டராவது தெரிந்திருக்க நூற்றுக்கு 24 வாய்ப்பு உண்டு. நல்லதும் கெட்டதும் ஒரே முகத்தோடு நிற்கும் நேரம் இது. ஆர்டர் எண்ணிக்கையை வைத்து இன்று எந்த முடிவும் எடுக்க முடியாது.

---

மாட்டுத்தாவணி_மணி | மாலை 4.10

அதைத்தானே நானும் சொன்னேன், ஏழு நாள் பொறுங்கன்னு. ஏழாம் நாளுக்குள்ள 76 சதவீதம் வந்துடுதே. அப்ப எட்டாம் நாள் பார்த்தா முக்கால்வாசி தெரிஞ்சிடாதா?

---

வைகைக்கரை | மாலை 4.35

முதல் நாள் கிளிக்குகளுக்கு மட்டும்தான் அப்படி, மணி. கேம்பெய்ன் தினமும் புதிய கிளிக் வாங்கிக்கொண்டே இருக்கிறது. எட்டாம் நாள் காலையில் ஒவ்வொரு நாளின் கிளிக்கும் ஒவ்வொரு வயதில் நிற்கும். முதல் நாள் கிளிக் 68, இரண்டாம் நாளுடையது 58, பிறகு 48, 38, 28, 18, ஏழாம் நாளுடையது 10. கூட்டினால் 268. ஏழு நாளுக்கு முழுதாக 700 இருக்க வேண்டும். 38 சதவீதம்தான் பழுத்திருக்கிறது.

நல்ல கேம்பெய்ன் என்றே வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 3 வீதம் ஏழு நாள் கிளிக்கிலிருந்து கடைசியில் 21 ஆர்டர் வரும். ஆனால் எட்டாம் நாள் காலையில் டேஷ்போர்டில் தெரிவது எட்டுதான். செலவு 21,000. நீங்கள் சொன்னபடி வகுத்தால் ஆர்டருக்கு 2,625. கையில் நிற்பது 2,200 என்பதால் நஷ்டம் என்று நிறுத்திவிடுவோம். உண்மையில் அது 1,000 ரூபாய்க்கு ஆர்டர் தருகிற கேம்பெய்ன், ஒவ்வொரு செட்டிலும் 1,200 மிச்சம் வைக்கிறது.

எத்தனை நாள் பொறுத்தோம் என்பதைவிட, ஒவ்வொரு நாள் கிளிக்குக்கும் எத்தனை நாள் கிடைத்தது என்பதுதான் கேள்வி.

---

மாட்டுத்தாவணி_மணி | மாலை 4.50

சரிங்க, புரியுது. கடைசி நாள் கிளிக்கையும் முதல் நாள் கிளிக்கையும் ஒரே தட்டுல வச்சிட்டேன். அப்ப ஒவ்வொரு வாரமும் "இந்த வாரம் போன வாரத்தைவிட டவுன்"னு ரிப்போர்ட் வர்றதும் இதனாலதானா?

---

வைகைக்கரை | மாலை 5.05

பெரும்பாலும் ஆமாம். போன வாரம் ஏறக்குறைய முடிந்த கணக்கு, இந்த வாரம் பாதிக் கணக்கு. வரைபடத்தின் கடைசி ஏழெட்டு நாள் எப்போதும் கீழே சரிந்துதான் இருக்கும். அதைப் பார்த்து பட்ஜெட்டைக் குறைக்கிறவர்கள் நிறைய. இந்த வாரத்தின் எண்ணை, போன வாரம் இதே வயதில் இருந்தபோது எவ்வளவு காட்டியதோ, அதோடுதான் ஒப்பிட வேண்டும். தினமும் காலை எண்ணைக் குறித்து வையுங்கள் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். பழைய நிலையை டேஷ்போர்டு திருப்பிக் காட்டாது.

---

புதுமண்டபம்_சுங்குடி | மாலை 6.20

சுங்குடிச் சேலைக்கும் இது பொருந்துமா? 850 ரூபாய்ச் சேலை. பெரும்பாலும் பார்த்த அன்றைக்கே ஆர்டர் வந்துவிடுகிறது. `Days to conversion` இப்போது பார்த்தேன், வைகைக்கரை சொன்ன மாதிரி 30 நாள் பின்னால் தள்ளித்தான் எடுத்தேன். நூற்றுக்கு 81 ஒரு நாளுக்குள். ஆனால் வால் மாதிரி ஒன்று 20 நாள் வரை நீள்கிறது. அது ஏன்?

---

வைகைக்கரை | மாலை 6.45

ஒற்றைச் சேலைக்கு இரண்டு மூன்று நாளில் பார்த்தாலே போதும் அக்கா, உங்கள் வளைவு அப்படி. அந்த வாலை மட்டும் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். விசேஷத்துக்கு வைத்துக் கொடுக்க 30, 40 சேலை மொத்தமாக எடுப்பவர்கள் உங்களிடம் வருகிறார்களா? அவர்கள் ஒரு சேலை வாங்கிப் பார்த்து, துவைத்துச் சாயம் போகிறதா என்று பார்த்து, பிறகுதான் மொத்தமாகச் சொல்வார்கள்.

---

புதுமண்டபம்_சுங்குடி | மாலை 7.00

ஆமாம், அதேதான். எண்ணிக்கையில் கொஞ்சம், பணத்தில் பாதி அவர்கள்தான்.

---

வைகைக்கரை | மாலை 7.10

அப்படியானால் இரண்டையும் ஒரே வளைவில் போடாதீர்கள். மொத்த ஆர்டருக்குத் தனிக் கன்வெர்ஷன் வைத்து, அதற்குத் தனி அட்டவணை எடுங்கள். மொத்த ஆர்டருக்கான விளம்பரத்தைச் சேலை வளைவை வைத்து அளந்தால் மூன்றாம் நாளே அது தோற்றதாகத் தெரியும்.

---

ஊஞ்சல்_திருநகர் | இரவு 8.15

ஒரு சந்தேகம் சார். கேம்பெய்ன் உண்மையிலேயே மோசம் என்றால்? "இன்னும் பழுக்கவில்லை" என்று சொல்லிக்கொண்டே மாதக்கணக்கில் பணத்தைக் கொட்ட முடியாதே. எந்த இடத்தில் நிறுத்துவது?

---

வைகைக்கரை | இரவு 9.00

கேட்க வேண்டிய கேள்வி. தாமதத்தைச் சாக்காக வைத்து மோசமான கேம்பெய்னை வளர்ப்பதும் நடக்கிறது, அதனால் தொடங்கும் முன்பே கோடு போட்டுவிட வேண்டும். அந்தக் கோடு பழுத்த செலவில் இருக்கட்டும், மொத்தச் செலவில் வேண்டாம்.

உங்களுக்கு ஒரு ஆர்டருக்கு 2,200 வரை தாங்கும். பழுத்த செலவு அதைப்போல மூன்று மடங்கு, அதாவது 6,600 ரூபாய் ஆகியும் ஒரு ஆர்டர்கூட இல்லையென்றால் நிறுத்திவிடலாம். அசலுக்கு அசல் ஓடுகிற கேம்பெய்னாக இருந்தால்கூட, அதுவரை பூஜ்யம் காட்ட நூற்றுக்கு 5 வாய்ப்புதான். நாள் 3,000 என்றால் ஏழாம் நாள் காலை பழுத்த செலவு 6,000, எட்டாம் நாள் காலை 8,040. ஆகவே அடுத்த திங்கள் காலை அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவீர்கள். பூஜ்யமாகவே கிடக்கும் கேம்பெய்னைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் போதும்.

உங்களுக்கு ஒன்று ஏற்கெனவே வந்துவிட்டது. எட்டாம் நாள் 7, 8 ஆர்டர் தெரிந்தால் பழைய அளவில் ஓடுகிறது. இரண்டு மூன்றுதான் என்றால் அது குழப்பமான இடம். 8,040-ஐ மூன்றால் வகுத்தால் 2,680, கைக்கு மீறியதுதான். ஆனால் மூன்று என்பது தற்செயலாக ஒன்று கூடவோ குறையவோ செய்திருக்கும் எண். அங்கே நிறுத்தாமல் பட்ஜெட்டைப் பாதியாக்கி இன்னொரு வாரம் விடுவது என் வழக்கம். செலவு குறையும், ஏற்கெனவே வாங்கிய கிளிக்குகள் பழுத்துக்கொண்டே இருக்கும்.

ஷீட்டில் B நெடுவரிசையில் ஒவ்வொரு நாள் செலவு, C நெடுவரிசையில் அன்றைய கிளிக்கின் வயதுக்கு உரிய சதவீதம் (0.68, 0.58 என்று), D1-ல் டேஷ்போர்டு காட்டும் ஆர்டர். ஆர்டருக்கான உண்மைச் செலவின் மதிப்பீடு இது:

```
=SUMPRODUCT(B2:B8,C2:C8)/D1
```

தினமும் C நெடுவரிசையை ஒரு படி நகர்த்த வேண்டும், அதை மறந்தால் கணக்கு தப்பாகும். D1-ல் குறைந்தது ஐந்தாறு ஆர்டர் சேரும் வரை இந்த விடையைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

---

கீழவாசல்_டிசைன் | இரவு 9.20

அப்ப இரண்டு நாள்ல எதையுமே பாக்கக் கூடாதா? பக்கம் உடைஞ்சு கிடந்தா ஒரு வாரம் கழிச்சா கண்டுபிடிக்கிறது?

---

வைகைக்கரை | இரவு 9.40

இல்லை, நீங்கள் காலையில் சொன்னது அந்த வேலைக்குச் சரியான யோசனைதான். வாங்குபவரின் முடிவுக்குக் காத்திருக்கத் தேவையில்லாத எல்லாவற்றையும் முதல் இரண்டு நாளில் பார்க்க வேண்டும். எந்தெந்தச் சொல்லைத் தேடியவர்கள் வந்தார்கள் என்ற பட்டியலை முதலில் திறக்கலாம். "குழந்தை தொட்டில்", "பூங்கா ஊஞ்சல்" என்று தேடியவர்கள் இருந்தால் அந்தச் சொற்களை விலக்கிவிடுங்கள். இடத்துக்கான அமைப்பில், அந்த ஊரில் ஆர்வம் காட்டுபவர்களையும் சேர்ப்பதுதான் கூகுளில் தானாக வரும் தேர்வு. டெலிவரி செய்ய முடியாத ஊர்களிலிருந்து கிளிக் வருகிறதா என்று பாருங்கள். ஒரு சோதனை ஆர்டர் போட்டு, பணம் கட்டும் பக்கம் வேலை செய்கிறதா, அது கணக்கில் ஏறுகிறதா என்றும் உறுதி செய்யுங்கள். இவற்றில் கோளாறு இருந்தால் இன்றே திருத்தலாம்.

வாட்ஸ்அப் பொத்தானை அழுத்தியவர்கள் எத்தனை பேர் என்பதும் சீக்கிரம் தெரியும் எண். பழைய கேம்பெய்னில் நூறு கிளிக்குக்கு எத்தனை என்பதோடு ஒப்பிடலாம். பாதிக்கும் கீழே போனால் எச்சரிக்கை.

---

ஊஞ்சல்_திருநகர் | இரவு 10.05

எங்களுக்கு மூன்றில் ஒரு பங்கு ஆர்டர் போனிலும் வாட்ஸ்அப்பிலும்தான் முடிகிறது. அதை ஷீட்டில் எழுதி வைத்து சனிக்கிழமை தோறும் கூகுளில் ஏற்றுகிறோம். அதுவும் இந்தக் கணக்கில் சேருமா?

---

வைகைக்கரை | இரவு 10.30

சேரும், ஆனால் அதில் ஒரு மறைவான பள்ளம் இருக்கிறது. ஏற்றும்போது ஆர்டர் நடந்த நேரத்தையும் கொடுக்கிறீர்கள். ஞாயிறு கிளிக், திங்கள் போன் ஆர்டர், சனிக்கிழமை ஏற்றம் என்றால், அட்டவணையில் அது ஒரு நாள் தாமதம் என்றுதான் பதிவாகும். ஆனால் சனி வரை அது உங்கள் கண்ணில் படவே இல்லை. அட்டவணை சொல்வதைவிட உங்கள் டேஷ்போர்டு மெதுவாக நிறைகிறது. இன்று காட்டும் அந்த ஒன்றிலும் இந்த வாரப் போன் ஆர்டர் எதுவும் இல்லை, பாருங்கள்.

முடிந்தால் தினமும் இரவு ஏற்றுங்கள். கிளிக்கோடு வரும் GCLID என்ற அடையாளக் குறியை வாட்ஸ்அப் செய்தியிலோ படிவத்திலோ பிடித்து வைத்தால்தான் இது நடக்கும், கிளிக் நடந்து 90 நாளைத் தாண்டினால் ஏற்க மாட்டார்கள். தினமும் முடியாது என்றால் கணக்கு பார்ப்பதை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

---

மாட்டுத்தாவணி_மணி | வியாழன், காலை 8.50

இதே கணக்கை மெட்டாவுக்கும் போடலாமா? அங்கேயும் ஊஞ்சல், சோபா எல்லாம் ஓடுதே.

---

வைகைக்கரை | காலை 9.30

போடலாம், ஆனால் அங்கே இன்னொரு விஷயம் குறுக்கே வரும். மெட்டாவில் தானாக அமைந்திருக்கும் கெடு கிளிக்குக்குப் பின் 7 நாள், பார்த்ததற்குப் பின் 1 நாள். மேலே இருக்கும் அட்டவணைப்படி ஏழு நாள் நிறைவதற்குள் வருவது நூற்றுக்கு 68. மீதி 32 பேர் மெட்டாவின் கணக்கில் தாமதமாகக்கூட வர மாட்டார்கள், வரவே மாட்டார்கள். பார்த்துவிட்டு ஒரு நாளுக்குள் வாங்கியவர்கள் என்று கொஞ்சம் பேரை அது சேர்த்துக்கொள்ளும், அது தனி. கூகுளின் 30 நாள் கணக்கையும் மெட்டாவின் 7 நாள் கணக்கையும் பக்கத்தில் வைத்து, மெட்டா விலை அதிகம் என்று சொல்வது சரியான ஒப்பீடு ஆகாது. இன்னும் வராததும் வரவே போகாததும் வேறு வேறு. முதலாவதற்குப் பொறுக்கலாம், இரண்டாவதை உங்கள் கடையின் ஆர்டர் நோட்டிலிருந்துதான் கண்டுபிடிக்க வேண்டும்.

இரண்டு நாளைக்கு ஒருமுறை பெரிதாக எதையாவது மாற்றினால், விளம்பரத்தை யாருக்குக் காட்டுவது என்று மெட்டா கற்கும் கட்டமும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அதைத் தாண்ட, இலக்காக வைத்த செயல் ஒரு வாரத்தில் சுமார் 50 முறை நடக்க வேண்டும். வாரம் 21 ஆர்டரில் அது எட்டாது.

---

புதுமண்டபம்_சுங்குடி | காலை 10.10

அதனால் நாங்கள் ஆர்டருக்குப் பதில் வாட்ஸ்அப் உரையாடலை இலக்காக வைத்தோம். எண்ணிக்கை சீக்கிரம் சேர்கிறது.

---

கீழவாசல்_டிசைன் | காலை 10.25

சேரும், ஆனா "விலை என்ன"ன்னு கேட்டுட்டுப் போறவங்கதான் நிறைய வருவாங்க. வாங்குறவங்கள மெட்டா தேடாது, பேசுறவங்களத்தான் தேடும். பதில் சொல்லவே ஒரு ஆள் வேணும்.

---

வைகைக்கரை | காலை 10.50

இரண்டு பேர் சொல்வதும் உண்மை. எது மேல் என்று பொதுவாகச் சொல்ல எனக்கு வழி இல்லை. உரையாடலில் எத்தனைக்கு ஒன்று ஆர்டராகிறது என்பதைத் தனியாக எண்ணினால் உங்கள் கடைக்கு விடை கிடைக்கும்.

திருநகர்காரரே, காலையில் ஒன்றைச் சொல்ல மறந்தேன். இன்று இரண்டாவது கேம்பெய்னைத் தொடங்கப் போவதாகச் சொன்னீர்களே, அதில் பெரிய ஏமாற்றம் ஒன்று காத்திருக்கிறது. முதல் கேம்பெய்ன் பழைய அளவில் ஓடினால், திங்கள், செவ்வாய் கிளிக்குகளிலிருந்து ஆறு ஆர்டர் வரவேண்டும். ஒன்று வந்துவிட்டது. மீதி ஐந்தும் இனிதான் வரும், அதாவது புதிய கேம்பெய்ன் ஓடும் நாட்களில். கடை நோட்டில் ஆர்டர் தேதியை மட்டும் பார்த்தால், புதியது வந்ததும் வியாபாரம் ஏறியது போலத் தோன்றும். பழையதின் விளைச்சலைப் புதியதின் பேரில் எழுதிவிடுவோம்.

பட்ஜெட்டைக் குறைத்தாலும் இதே தோற்றம் வரும். செலவு இன்றே குறையும், போன வாரக் கிளிக்குகளின் ஆர்டர் வந்துகொண்டே இருக்கும். `Conversions (by conv. time)` நெடுவரிசையில் பார்த்தால் ஒரு வாரத்துக்கு ஆர்டர் விலை அற்புதமாகத் தெரியும். பத்தாவது நாள்தான் ஆர்டர் வறண்டு போனது புரியும்.

---

ஊஞ்சல்_திருநகர் | காலை 11.40

நிறுத்தவில்லை, புதியதைத் தொடங்கவும் இல்லை. தேடல் சொற்களில் "தொட்டில்" 40 கிளிக் தின்றிருந்தது, விலக்கிவிட்டேன். போன் ஆர்டர் ஷீட்டைப் பார்த்தால் செவ்வாய் கிளிக்கில் ஒருவர் நேற்று அட்வான்ஸ் போட்டிருக்கிறார். இன்று இரவே ஏற்றுகிறேன்.

கடைசியாக ஒன்று. அடுத்தது ஆடி. கிரகப்பிரவேசம் எல்லாம் ஆவணிக்குத் தள்ளிப் போகும். ஆடியில் பார்த்துவிட்டு ஆவணியில் வாங்குகிறவர்களுக்கு இதே அட்டவணையைப் பயன்படுத்தலாமா?

---

மாட்டுத்தாவணி_மணி | மதியம் 12.05

ஆடியில தனி அட்டவணை போட்டே ஆகணும்ணே. முகூர்த்த மாசத்துக் கணக்கு ஆடிக்கு எப்படி ஒத்து வரும்?

---

வைகைக்கரை | மதியம் 12.30

போட வேண்டும்தான், ஆனால் ஒரே ஒரு ஆடியின் ஆர்டரை வைத்து வரையும் அட்டவணையை எவ்வளவு நம்பலாம்? போன ஆடிக் கிளிக்குகளில் வந்த ஆர்டர் 20, 25 என்றால் ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்றிரண்டுதான் இருக்கும். அதோடு ஆடி முதல் தேதி பார்த்தவர் ஆவணி பிறந்த பின் வாங்கினால் 30 நாள் கெடுவையே தாண்டிவிடுவார். கூகுளில் அந்தக் கெடுவை 90 நாள் வரை நீட்டலாம். ஆடி பிறக்கும் முன்பே நீட்டி வையுங்கள், மாற்றிய பிறகு நடப்பதற்குத்தான் அது பொருந்தும்.

நீட்டினால் பழைய மாதங்களோடு நேரடி ஒப்பீடு போய்விடும் என்பதும் உண்மை. இதில் வேறு யாராவது ஆடி கணக்கைத் தனியாக வைத்திருந்தால் எண்களைப் போடுங்கள்.

---

புதுமண்டபம்_சுங்குடி | மதியம் 1.15

சேலைக்கு ஆடி நேர்மாறு. தள்ளுபடி மாதம், பார்த்த அன்றே வாங்குகிறார்கள். ஊஞ்சலுக்கு என் எண்கள் உதவாது. மொத்த ஆர்டருக்கு மட்டும் தனியாக எடுத்து ஞாயிற்றுக்கிழமை இங்கே போடுகிறேன்.